கீசரா, சூரிய வெந்நீர்ச் சாதனமா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் மானாவாரி விவசாயத்தை மட்டும் நம்பியிராத குடும்பங்கள் பல உண்டு. வீட்டில் ஒருவர் காட்டு வேலையைப் பார்ப்பார். மற்றொருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்வார். மாலையில் ஆலையிலிருந்து திரும்புகிறவர் உடம்பிலும் உடையிலும் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். குளித்தாக வேண்டும். அதற்கு வெந்நீர் வைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேல விறகு எரியும் அடுப்பில்தான்.

இங்குதான் ஆபத்து இருக்கிறது. அலுமினியத் தூளும், வெடியுப்பு போன்று தீயை வளர்க்கும் உப்புகளும் படிந்த துணியில் ஒரு பொறி விழுந்தால் அது சாதாரணத் துணியைப் போல மெதுவாகப் பற்றாது. ஆகவே ஆலை உடையுடன் அடுப்பங்கரைக்குச் செல்லாமல், உடையை வெளியிலேயே களைந்து தண்ணீரில் ஊறப்போட்டுவிட வேண்டும். அடுப்பே இல்லாமல் வெந்நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் காரணத்தாலும், அதிகாலையில் பால் கறக்கும் பாத்திரங்களைக் கழுவ வெந்நீர் தேவைப்படுவதாலும், மின்சாரக் கீசர் வாங்குவதா, மாடியில் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைப்பதா என்ற கேள்வி இக்குடும்பங்களில் எழுகிறது.

கடைக்காரர் விலையையும் லிட்டரையும் சொல்வார். வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை மூன்று: கொள்ளளவு, தொட்டி செய்யப்பட்ட உலோகம், சூடு மிஞ்சினால் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு. இம்மூன்றில் பின்னிரண்டையும் முடிவு செய்வது வீட்டுக்கு வரும் தண்ணீரே. உப்பு மிகுந்த தண்ணீர் தொட்டியை அரிக்கும். பாதுகாப்பு வால்வையும் அடைக்கும்.

எத்தனை லிட்டர் தேவை?

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பம் தரும். இவ்விரு எண்களை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக, வெம்பக்கோட்டைப் பக்கம் ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தைக் கொள்வோம். தாயும் மூத்த மகனும் பட்டாசு ஆலைக்குச் செல்கிறார்கள். தந்தை இரண்டு ஏக்கர் நிலத்தையும் இரண்டு கறவை மாடுகளையும் பார்த்துக்கொள்கிறார். பாட்டியும், பள்ளி செல்லும் மகளும் இருக்கிறார்கள். ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று வீதம் 100 லிட்டர் குளியல் நீர் வேண்டும். குளிக்க 40 டிகிரி சூடு போதுமானது. மார்கழி மாதத்தில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி இருப்பதாகக் கொண்டால், 15 டிகிரி உயர்த்த வேண்டும். இதற்கு 1,500 கிலோ கலோரி தேவை. பால் பாத்திரங்களுக்கு 60 டிகிரியில் 20 லிட்டர் வேண்டும் என்றால் மேலும் 700 கிலோ கலோரி. மொத்தம் 2,200 கிலோ கலோரி. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை யூனிட்.

இதே தேவையைச் சூரிய சாதனத்தின் கணக்கில் பார்த்தால், 60 டிகிரி வெந்நீர் 63 லிட்டர் இருந்தால் போதும். மீதியைப் பச்சைத் தண்ணீர் கலந்து சரிசெய்துகொள்ளலாம். ஆகவே இக்குடும்பத்துக்கு 100 லிட்டர் சாதனமே தாராளம். ஆளுக்கு 40 லிட்டர் என்று பெருக்கி 200 லிட்டர் விற்க முனைந்தால் ஏமாற வேண்டாம். மற்றொரு ஏமாற்றும் உண்டு. தொட்டி பெரிதாக இருக்கும். வெயிலைப் பிடிக்கும் பரப்பு சிறிதாக இருக்கும். 100 லிட்டருக்குத் தட்டைத் தகடு வகையானால் 2 சதுர மீட்டர் தகடு வேண்டும். கண்ணாடிக் குழாய் வகையானால், ஆறடி நீளமுள்ள பெரிய குழாய்கள் பத்து இருப்பது வழக்கம். பத்துக் குழாய்களின் மேல் 200 லிட்டர் தொட்டியை ஏற்றினால் கிடைப்பது வெதுவெதுப்பான நீர்தான்.

கீசரின் கணக்கு வேறு. அதில் 25 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், கலந்த பிறகு 40 டிகிரி நீர் சுமார் 58 லிட்டர் கிடைக்க வேண்டும். திறக்கும்போதே பச்சைத் தண்ணீர் உள்ளே புகுவதால் நடைமுறையில் இரண்டரை வாளி என்று கொள்ளலாம். 2,000 வாட் கீசர் இதைச் சூடாக்க அரை மணி நேரம் எடுக்கும். ஆனால் இது மின் அழுத்தம் 230 வோல்ட் இருந்தால்தான். கிராமங்களில் மாலை நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதே கீசர் 1,225 வாட் அளவுக்கே வேலை செய்யும். 50 நிமிடம் ஆகும். 15 லிட்டர் கீசர் ஒரு முறைக்கு ஒன்றரை வாளி தரும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது போதும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். சூரிய சாதனத்தில் தண்ணீர் மிகச் சூடாக இருப்பது மாலை நான்கு முதல் ஆறு மணி வரை. ஆலையிலிருந்து திரும்பிக் குளிக்கிறவர்களுக்கு இது மிகவும் பொருத்தம். இரவில் சில டிகிரி குறையும். என்றாலும் மாலையில் புகுந்த பச்சைத் தண்ணீர் தொட்டியின் அடியிலேயே நிற்கும். மேலே சூடான நீர் தங்கும். அதனால் விடியற்காலையில் பால் பாத்திரத்துக்கும் கிடைக்கும்.

தொட்டி எந்த உலோகம்?

இப்பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. பருப்பு வேகாமலும் சோப்பு நுரைக்காமலும் இருப்பதைப் பெண்கள் அறிவார்கள். வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளைப் படிவு தடித்திருப்பதும் அதனால்தான். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும், குளியலறைக் குழாய்க்கு வருவது அந்த நீரா, போர் தண்ணீரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் இருவகைக் கெடுதல்கள் உள்ளன. ஒன்று கடினத்தன்மை. இது சுண்ணாம்புப் படிவாகச் சூடான இடத்தில் ஒட்டும். மற்றொன்று குளோரைடு, அதாவது கறியுப்பின் பகுதி. இது கண்ணுக்குத் தெரியாது. எவர்சில்வரைக்கூட ஊசித் துளையாகத் துளைத்துவிடும். கடினத்தன்மையைப் பானையைப் பார்த்தே ஊகிக்கலாம். குளோரைடைப் பரிசோதனைக் கூடத்தில்தான் அறிய முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொடுத்து, மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு ஆகிய இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். சாதனத்தின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு மிகச் சிறிது.

குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் 304 என்று குறிக்கப்பட்ட எவர்சில்வர் தொட்டி உழைக்கும். அதற்கு மேல் போனால் 304 வேண்டாம். பற்றவைத்த இணைப்பு ஓரங்களில்தான் முதலில் துளை விழும். 316 எல் என்னும் உயர்ந்த ரகம் இன்னும் தாங்கும், விலை கூடுதல். இப்பகுதியின் உப்பு நீருக்கு ஏற்றது, இரும்புத் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சை உயர்ந்த சூட்டில் உருக்கி ஒட்டிய வகையாகும். கடைகளில் இதை கிளாஸ் லைன்டு என்பார்கள். தண்ணீர் இரும்பைத் தொடுவதில்லை.

ஆனால் இந்தப் பூச்சில் எங்காவது மிகச் சிறு துளை இருக்கவே செய்யும். அதைக் காப்பதற்கென்றே தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாக இந்தக் கம்பி கரைந்துபோகும். உப்பு அதிகமானால் கம்பி விரைவாகக் கரையும். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். வாங்கும்போதே, கம்பி தனியாகக் கிடைக்குமா, அதை எந்தப் பக்கமாகக் கழற்றுவது என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெந்நீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கினால் கம்பி முடிந்து தொட்டி துருப்பிடிக்கிறது என்று அறியலாம்.

சூரிய சாதனத்தில் இன்னொரு தேர்வும் உண்டு. தட்டைத் தகடு வகையில் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களில் ஓடுகிறது. கடின நீரில் அவை படிவால் அடைபட்டுவிடும். கண்ணாடிக் குழாய் வகையில் குழாய் அகலமாக இருப்பதால் அடைப்பு ஏற்பட நாளாகும். கழற்றிக் கழுவவும் முடியும். ஆகவே போர் தண்ணீர் வீட்டுக்குக் கண்ணாடிக் குழாய் வகையே ஏற்றது. குழாயின் அடிமுனை மூடியிருப்பதால் தொட்டியைக் காலி செய்தாலும் குழாயில் தங்கிய வண்டல் வெளியேறாது. ஆண்டுக்கொரு முறை குழாய்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். இதை வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் உடனே வெடித்துச் சிதறும்.

சூடு மிஞ்சினால் எது நிறுத்தும்?

நல்ல கீசரில் மூன்று காவல்கள் உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட். வைத்த சூட்டை எட்டியதும் இது மின்சாரத்தை நிறுத்தும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். இரண்டாவது வெப்பத் தடுப்பு. தெர்மோஸ்டாட் பழுதாகிச் சூடு கொதிநிலையை நெருங்கினால் இது மின்சாரத்தை அறவே துண்டித்துவிடும். கையால் அழுத்தினால்தான் மீண்டும் இணையும். மூன்றாவது அழுத்தம் போக்கும் வால்வு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் உள்ள கீசரையே வாங்க வேண்டும். மூன்று காவல்களும் உள்ளனவா என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்றும் ஒரே நேரத்தில் தவறினால் என்ன ஆகும்? மூடிய தொட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். எங்காவது தொட்டி பிளந்தால் அந்த நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவி, தண்ணீரைவிட 1,600 மடங்கு இடம் கேட்கும். கீசர் வெடித்துச் சுவர் இடிவது இப்படித்தான்.

உப்பு நீர் இக்காவல்களைக் கெடுக்கும் விதத்தை அறிய வேண்டும். சூடேற்றும் கம்பியின் மேல் படிவு சேர்ந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே நிற்கும். கீசர் கடகடவென்று சத்தம் போடும். சூடாக அதிக நேரம் எடுக்கும். இந்த இரண்டும் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு அடையாளம். எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் ஊறவைத்தால் படிவு இளகும். எவர்சில்வர் தொட்டியில் கழிவறை ஆசிட்டை ஊற்றக் கூடாது. அதிலுள்ள குளோரைடே தொட்டியைத் துளைத்துவிடும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதிருந்தால் படிவு சேர்வதும் குறையும்.

வால்வைப் பற்றி மற்றொன்று. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது விரிவடையும். 25 லிட்டர் தொட்டியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் ஆகும். இந்த நீர் வால்வு வழியாகச் சொட்டுவது இயல்பு. ஒழுகுகிறது என்று நினைத்து அந்தத் துளையில் தக்கை வைத்து அடைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். மாதம் ஒரு முறை வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சினால் வால்வு நன்றாக இருக்கிறது. நெம்புகோல் அசையவில்லை என்றால் படிவு அடைத்துவிட்டது, மாற்றியாக வேண்டும். சூடான நீர் ஓயாமல் பீய்ச்சினால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெப்பத் தடுப்பு இரண்டாம் முறை துண்டித்தால் மறுபடி அழுத்தாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மின் கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் வேண்டும். நல்ல எர்த்தும் வேண்டும். கரிசல் மண் கோடையில் வெடித்து விலகும்போது எர்த் குழிக்கும் மண்ணுக்கும் தொடர்பு அற்றுப்போகும். ஆகவே எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிவர வேண்டும். கீசரை வீட்டு மின் இணைப்பில்தான் பொருத்த வேண்டும். பம்ப்செட்டுக்கு என்று வழங்கப்பட்ட விவசாய மின்சாரத்தில் பொருத்துவது விதிமீறல்.

சூரிய சாதனத்தில் வெயிலை நிறுத்தும் ஸ்விட்ச் கிடையாது. அங்கே காவல், தொட்டியின் மேல் திறந்து நிற்கும் காற்றுக் குழாய் ஒன்றே. ஆவியும் அழுத்தமும் அதன் வழியே போகும். இக்குழாயில் வால்வோ மூடியோ போடக் கூடாது. குளவி கூடு கட்டினாலும் உப்புப் படிந்தாலும் அது அடைபடும். அடைபட்ட நிலையில் சூடேறினால் தொட்டி உப்பும். தண்ணீர் விரைந்து இறங்கினால் தொட்டி நசுங்கும். மாதம் ஒரு முறை இதைப் பார்ப்பது அவசியம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் வாளியில் பச்சைத் தண்ணீரை விட்டு, பிறகே வெந்நீரைத் திறக்கப் பழக்க வேண்டும். வெந்நீர் தேவையற்ற மாதங்களில் பாதிக் குழாய்களைச் சாக்கால் மூடிவைக்கலாம்.

கணக்கு எப்படி முடிகிறது?

மேலே சொன்ன ஐந்து பேர் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்கள் வீட்டுத் தண்ணீரில் குளோரைடு 420 மில்லிகிராம் என்று கொள்வோம். வீடு காங்கிரீட் கூரை. குளிக்க வெந்நீர் தேவைப்படுவது கார்த்திகை முதல் மாசி வரை நான்கு மாதம். அந்த 120 நாளில் நாளுக்கு இரண்டரை யூனிட் வீதம் 300 யூனிட். மற்ற எட்டு மாதம் பால் பாத்திரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 200 யூனிட். ஆக ஆண்டுக்கு 500 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 3,000 ரூபாய். தங்கள் மின் கணக்கின் கடைசி அடுக்குக் கட்டணத்தால் இந்த 500-ஐப் பெருக்கினால் அவரவர் வீட்டுத் தொகை கிடைக்கும். சாதனத்தின் விலையை இத்தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது தெரியும். மாடு இல்லாத வீட்டில் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

விலையோடு ஒரு மறைமுகச் செலவையும் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், வெந்நீர்த் தொட்டியின் தலைக்கு மேல் இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி மாடித் தரையிலேயே இருந்தால் அதை ஆறு, ஏழு அடி உயர மேடையில் ஏற்ற வேண்டும். குழாய்கள் தெற்கு நோக்கி, மரநிழலோ கைப்பிடிச் சுவரின் நிழலோ படாமல் இருக்க வேண்டும்.

இக்குடும்பத்துக்கு ஏற்றது 100 லிட்டர், கண்ணாடிக் குழாய், கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, மக்னீசியக் கம்பி உள்ள சூரிய சாதனம். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் இரண்டு நாள் மூடமாக இருந்தால், தொட்டியிலேயே பொருத்தும் 2,000 வாட் மின் கம்பியை ஒரு மணி நேரம் போட்டால் 100 லிட்டரும் 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏறும். செலவு இரண்டு யூனிட். அந்தக் கம்பிக்கும் தனித் தெர்மோஸ்டாட்டும் வெப்பத் தடுப்பும் வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருப்பதை உறுதி செய்யாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது.

மாறாக, ஓட்டு வீட்டில் வசிக்கும் முதியவர் இருவருக்குச் சூரிய சாதனம் வேண்டியதில்லை. கூரை அதன் எடையைத் தாங்காது. அவர்கள் தேவை நாளுக்கு முக்கால் யூனிட்தான். மூன்று காவல்களும் கண்ணாடிப் பூச்சும் உள்ள 15 லிட்டர் கீசர் அவர்களுக்குப் போதும். அதையும் குளிக்குமுன் போட்டு, சூடானதும் நிறுத்திவிட்டுத்தான் குளியலறைக்குள் செல்ல வேண்டும். வாளிக்குள் போடும் மின் கம்பியில் இக்காவல்கள் எதுவும் இல்லை. மின்சாரம் ஓடும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்த்தே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அதைத் தவிர்ப்பதே நல்லது.

எந்தச் சாதனமானாலும் பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வதுதான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், எந்தத் தொட்டி என்ற கேள்விக்கு விடை கடைக்காரரிடம் கேட்க வேண்டியிராது.